கூட்டம் மறுபடியும் தள்ளிப்போகிறது: ஊழியர்களிடம் என்ன சொல்வது?

கேள்வி: நான் 46 பேர் மூன்று ஷிஃப்டில் வேலை பார்க்கும் ஒரு பிரிவின் மேலாளர். அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல் ஷிஃப்ட் முறையை மாற்றப்போகிறோம். அதை விளக்க வரும் 12ஆம் தேதி, வியாழக்கிழமை காலை 10 மணிக்கு எல்லோரையும் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறேன். இரவு ஷிஃப்ட் அலவன்ஸ் எவ்வளவு என்பது இன்னும் முடிவாகவில்லை, அதனால் கூட்டத்தைத் தள்ளிவையுங்கள் என்று நிர்வாகம் இன்று சொல்லிவிட்டது. இதே கூட்டம் ஏற்கெனவே ஒரு முறை தள்ளிப்போனது. அப்போது, "தவிர்க்க இயலாத காரணங்களால் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. புதிய தேதி பின்னர் அறிவிக்கப்படும். சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று அனுப்பினேன். மறுநாளே ஆட்குறைப்பு வரப்போகிறது என்று வதந்தி கிளம்பிவிட்டது. இந்த முறை என்ன எழுதுவது? காரணத்தை எவ்வளவு சொல்லலாம்? இரண்டாவது முறையும் மன்னிப்பு கேட்டால் மரியாதை போய்விடாதா?

பதில்: உங்கள் ஊழியர்கள் கூட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1ஆம் தேதி முதல் தங்கள் ஷிஃப்ட் மாறுமா, மாறினால் எந்த ஷிஃப்ட், சம்பளத்தில் என்ன வித்தியாசம் வரும் என்பதற்காகக் காத்திருக்கிறார்கள். போன முறை நீங்கள் அனுப்பிய மூன்று வரியும் கூட்டத்தைப் பற்றி மட்டுமே பேசியது. அவர்கள் மனதில் இருந்த கேள்விக்கு அதில் ஒரு வார்த்தையும் இல்லை. காரணமும் இல்லை, தேதியும் இல்லை, ஷிஃப்ட் மாற்றம் என்ன ஆனது என்பதும் இல்லை. அந்த இடத்தைத்தான் ஆட்குறைப்புப் பேச்சு வந்து நிரப்பியது. ஆகவே இந்த முறை கூட்டத்தை விட, அந்தக் கூட்டத்தில் பேசவிருந்த விஷயத்தின் நிலை என்ன என்பதைச் சொல்லுங்கள். அதைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

ஆனால் எழுத உட்காரும் முன் நிர்வாகத்திடம் போய் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் மறுபடியும் அதே பழைய மூன்று வரிதான் வரும்.

முதலாவது, அலவன்ஸ் எப்போது முடிவாகும் என்று கேளுங்கள். "சீக்கிரம்" என்று பதில் வந்தால் விடாதீர்கள். யார் கையெழுத்து பாக்கி, அவர் எந்த நாளில் அதைப் பார்ப்பார் என்று கேளுங்கள். அடுத்த வாரத்துக்குள் முடிந்துவிடும் என்று சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதற்கு அடுத்த வாரத்தில் கூட்டத்தை வையுங்கள். முடிவு வரும் என்று சொன்ன நாளிலேயே கூட்டத்தை வைத்து, அது ஒரு நாள் தவறினால் மூன்றாவது முறையாகத் தள்ளிவைக்க வேண்டிவரும். இரண்டாவது முறையை ஊழியர்கள் பொறுத்துக்கொள்வார்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு நீங்கள் சொல்லும் எந்தத் தேதியையும் யாரும் நாட்குறிப்பில் எழுத மாட்டார்கள்.

இரண்டாவது, 1ஆம் தேதி என்ன ஆகும் என்று கேளுங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கூட்டத்தை 12ஆம் தேதியிலிருந்து 24ஆம் தேதிக்கு நகர்த்துகிறீர்கள், ஆனால் மாற்றம் மட்டும் 1ஆம் தேதியே தொடங்குகிறது என்றால், ஊழியர்களுக்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டரை வாரத்திலிருந்து ஒரு வாரமாகச் சுருங்கிவிடுகிறது. குழந்தையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிவருவது, வீட்டில் முதியவரை இரவில் யார் பார்த்துக்கொள்வது, மாலை வகுப்பில் சேர்ந்திருப்பவர் என்ன செய்வது, இதெல்லாம் ஒரு வாரத்தில் மாற்றக்கூடிய ஏற்பாடுகள் அல்ல. கூட்டம் நகர்ந்தால் தொடங்கும் தேதியும் நகர வேண்டும் என்று நீங்கள் அவர்கள் சார்பில் பேச வேண்டும். பணி ஒப்பந்தத்திலோ உங்கள் இடத்துச் சட்டத்திலோ ஷிஃப்ட் மாற்றத்துக்கு இத்தனை நாள் முன்னறிவிப்பு என்று இருந்தால் அதையும் இப்போதே பாருங்கள். அப்படி இருந்தால் அந்த நாட்களை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பது பெரிய கேள்வி ஆகிவிடும்.

மூன்றாவது, காரணத்தை எந்த வார்த்தைகளில் சொல்லலாம் என்று கேளுங்கள். பொதுவாக "காரணம் சொல்லலாமா?" என்று கேட்டால் "வேண்டாமே" என்றுதான் பதில் வரும். நீங்களே ஒரு வாக்கியத்தை எழுதிக்கொண்டு போய், "இதை அனுப்பலாமா?" என்று கேளுங்கள். அப்போது ஒரு சொல்லை மாற்றச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

அந்த வாக்கியம் எப்படி இருக்க வேண்டும்? உண்மையான காரணம் அலவன்ஸ். ஆனால் "அலவன்ஸ் முடிவாகாததால்" என்று அப்படியே எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. படிப்பவர்கள் உடனே அலவன்ஸ் கூடப்போகிறது என்று எடுத்துக்கொள்வார்கள், அல்லது குறைக்கப்போகிறார்கள் என்று பயப்படுவார்கள். இரண்டுமே உங்களால் இன்று உறுதி சொல்ல முடியாதவை. மறுபக்கம், வேறு ஏதாவது சாக்குச் சொல்லவும் கூடாது. "கூட்ட அறை கிடைக்கவில்லை" என்று எழுதினால் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு யாராவது ஒருவர் அந்த அறையைத் தாண்டிப் போவார், அது பூட்டிக் கிடப்பதைப் பார்ப்பார். "மேலதிகாரி வெளியூர் போயிருக்கிறார்" என்றால் அவருடைய கார் வாசலில் நிற்கும். சின்னப் பொய் ஒன்று பிடிபட்டால் அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இந்த நிலைமையில் நான் எழுதுவது இப்படி இருக்கும்: "புதிய முறையில் கொடுப்பனவு சம்பந்தமான ஒரு விவரத்தை நிர்வாகம் இன்னும் இறுதி செய்யவில்லை. அது இல்லாமல் கூடினால் உங்கள் முக்கியமான கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது." இதில் பொய் இல்லை, தொகையைப் பற்றி ஜாடையும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், கூட்டம் ஏன் தள்ளிப்போவது அவர்களுக்கே நல்லது என்பது அதிலேயே தெரிகிறது. நிர்வாகம் "கொடுப்பனவு" என்ற சொல்லே வேண்டாம் என்றால் "ஒரு முக்கியமான விவரம்" என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் "தவிர்க்க இயலாத காரணங்கள்" என்பதை விட எவ்வளவோ மேல்.

சொல்ல அனுமதியே இல்லாத காரணங்களும் சில நேரம் வரும். ஒருவருடைய உடல்நிலை, நடந்துகொண்டிருக்கும் விசாரணை, கையெழுத்தாகாத ஒப்பந்தம் போன்றவை. அப்போது, "காரணத்தை இப்போது சொல்லும் நிலையில் நான் இல்லை. இது உங்கள் வேலையைப் பற்றியது அல்ல" என்று எழுதலாம். ஆனால் அந்த இரண்டாவது வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும்.

அதே அளவுகோலை ஆட்குறைப்பு வதந்திக்கும் வையுங்கள். அதை மறுக்க வேண்டும் என்று உங்களுக்குத் துடிப்பு இருக்கும். நிர்வாகம் எழுத்தில் உறுதி கொடுத்தால், "இந்த ஷிஃப்ட் மாற்றத்தால் யாருடைய வேலையும் போகாது" என்று ஒரே வரியாக எழுதுங்கள். வதந்தியைத் திருப்பிச் சொல்ல வேண்டாம். "ஆட்குறைப்பு என்று சிலர் பரப்புவது தவறு" என்று எழுதினால், அதுவரை அதைக் கேள்விப்படாத பத்துப் பேருக்கும் நீங்களே சொன்னதாகிவிடும். "சிலர்" என்ற சொல் வேறு தேவையில்லாமல் ஒரு பகையைக் கிளப்பும். உறுதி கிடைக்கவில்லையா? அப்படியானால் அந்த வரி வேண்டாம். நாளை பொய்யாகக்கூடிய ஆறுதலை விட மௌனம் நல்லது.

இனி மன்னிப்பு. அதைக் கேட்டால் மரியாதை குறையாது, ஆனால் நீட்டிக்கொண்டே போனால் குறையும். ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு விஷயம் இருக்க வேண்டும்: இது இரண்டாவது முறை என்பதை நீங்கள் ஒப்புக்கொள்வது, அதனால் யாருக்கு என்ன சிரமம் என்பது உங்களுக்குத் தெரியும் என்பது. யோசித்துப் பாருங்கள், காலை 10 மணிக் கூட்டத்துக்கு யார் அதிகம் கஷ்டப்பட்டிருப்பார்கள்? காலை 6 மணிக்கு வேலை முடிந்து தூங்கப் போக வேண்டிய இரவு ஷிஃப்ட்காரர்கள்தான். அவர்களில் சிலர் நான்கு மணி நேரம் அங்கேயே காத்திருக்கத் தயாராகியிருப்பார்கள். மதிய ஷிஃப்ட்காரர்கள் நான்கு மணி நேரம் முன்னதாகவே வர ஏற்பாடு செய்திருப்பார்கள். அவர்களைக் குறிப்பிட்டு மன்னிப்புக் கேட்டால், எழுதியவர் எங்களை நினைத்துத்தான் எழுதினார் என்று படிப்பவருக்குத் தெரியும். "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்பதில் யார் வருந்துகிறார்கள், எந்தச் சிரமம் என்று எதுவும் தெரியாது. அது பூட்டிய கடையில் தொங்கும் அட்டை மாதிரி.

"நான்" என்று எழுதுங்கள். தள்ளிவைக்கச் சொன்னது நிர்வாகம்தான், ஆனாலும் அழைத்தது நீங்கள். "என் கையில் இல்லை, மேலிடத்து உத்தரவு" என்று எழுதினால் அந்த நேரத்துக்கு ஊழியர்களின் அனுதாபம் கிடைக்கும். 24ஆம் தேதி அதே மேலிடத்தின் முடிவை நீங்கள் எழுந்து நின்று விளக்கும்போது அந்த வரி உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

இதையெல்லாம் பேசும்போது புதிய நேரத்தையும் சரி செய்துவிடுங்கள் என்பது என் கருத்து. மூன்று ஷிஃப்ட் ஆட்களுக்கும் ஒரே நேரத்தில் கூட்டம் என்பது எப்போதும் யாரோ ஒருவருடைய தூக்கத்தில் கை வைப்பது. 24ஆம் தேதி மதியம் 2:15க்கு வைத்தால் வேலை முடிக்கும் காலை ஷிஃப்டும், வேலைக்கு வரும் மதிய ஷிஃப்டும் சேர்ந்து உட்காரலாம். இரவு 9:30க்கு இரவு ஷிஃப்டுக்குத் தனியாக ஒன்று. இரண்டிலும் நீங்களே பேசுங்கள், ஒரே தாளை வைத்துக்கொண்டு பேசுங்கள். கூடுதலாக இருக்கும் அந்த அரை மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அந்தக் கேள்வி வந்தே தீரும்.

நிர்வாகம் நாம் கேட்டதற்கெல்லாம் ஒத்துக்கொண்டது என்று வைத்து எழுதினால், செய்தி இப்படி வரும்:

> தலைப்பு: 12ஆம் தேதி ஷிஃப்ட் கூட்டம் இல்லை. புதிய தேதி 24, செவ்வாய்
>
> அனைவருக்கும் வணக்கம்.
>
> வரும் 12ஆம் தேதி, வியாழன் காலை 10 மணிக்கு நடக்கவிருந்த ஷிஃப்ட் கூட்டம் 24ஆம் தேதி, செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. வியாழனன்று யாரும் இதற்காகக் காத்திருக்கவோ முன்னதாக வரவோ வேண்டாம்.
>
> புதிய முறையில் கொடுப்பனவு சம்பந்தமான ஒரு விவரத்தை நிர்வாகம் இன்னும் இறுதி செய்யவில்லை. அது இல்லாமல் கூடினால் உங்கள் முக்கியமான கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.
>
> இரண்டாவது முறையாக உங்களை அழைத்துவிட்டுத் தள்ளிவைக்கிறேன். குறிப்பாக இரவு ஷிஃப்ட் முடித்துக் காத்திருக்கவும், மதிய ஷிஃப்டுக்கு முன்னதாக வரவும் ஏற்பாடு செய்தவர்களிடம் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன்.
>
> புதிய நேரம்:
> காலை, மதிய ஷிஃப்ட்: 24ஆம் தேதி மதியம் 2:15 முதல் 2:45 வரை
> இரவு ஷிஃப்ட்: அதே நாள் இரவு 9:30 முதல் 10 மணி வரை
> இந்த அரை மணி நேரம் வேலை நேரமாகவே கணக்கிடப்படும்.
>
> புதிய ஷிஃப்ட் முறை 1ஆம் தேதி தொடங்காது. கூட்டம் நடந்து குறைந்தது இரண்டு வாரம் கழித்தே தொடங்கும். அதுவரை இப்போதைய ஷிஃப்ட் அட்டவணையே தொடரும். ஏற்கெனவே அனுமதித்த விடுப்புகளில் மாற்றம் இல்லை.
>
> 20ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் இது எந்த நிலையில் இருக்கிறது என்று மறுபடியும் எழுதுகிறேன். அதற்குள் கேள்வி இருந்தால் உங்கள் மேற்பார்வையாளரிடமோ என்னிடமோ கேளுங்கள்.

தலைப்பைக் கவனியுங்கள். செய்தியைத் திறக்காமல் அறிவிப்பை மட்டும் பார்ப்பவருக்கும் 12ஆம் தேதி வர வேண்டாம் என்பது தெரிந்துவிடும். "முக்கிய அறிவிப்பு" என்று தலைப்பு வைத்திருந்தால், திறக்காதவர் வியாழனன்று வந்து நிற்பார். "12ஆம் தேதி கூட்டம்" என்று மட்டும் வைத்தால் அதை நினைவூட்டல் என்று நினைத்துத் தள்ளிவிடுவார்.

விடுப்பைப் பற்றிய அந்த ஒரு வரி சிறியதாகத் தோன்றும். ஆனால் ஷிஃப்ட் என்றதும் ஊழியர்கள் முதலில் போய்ப் பார்ப்பது தாங்கள் ஏற்கெனவே வாங்கிய விடுப்பைத்தான். அதை எழுதாமல் விட்டால் உங்கள் மேற்பார்வையாளர்கள் இரண்டு நாள் அந்த ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அனுப்பும் வரிசையும் முக்கியம். முதலில் மூன்று ஷிஃப்ட் மேற்பார்வையாளர்களையும் நேரிலோ போனிலோ கூப்பிட்டு, செய்தியை வாசித்துக் காட்டுங்கள். அரை மணி நேரம் கழித்து எல்லோருக்கும் அனுப்புங்கள். இடைவெளி அதற்கு மேல் போக வேண்டாம், போனால் செய்தி உங்களுக்கு முன்பே சென்றுவிடும். மேற்பார்வையாளரும் ஊழியரோடு சேர்ந்து அதே நிமிடத்தில் படித்தால், பக்கத்தில் இருப்பவர் "என்ன சார் இது?" என்று கேட்கும்போது அவரும் உதட்டைப் பிதுக்குவார். அந்த ஒரு பிதுக்கலே வதந்திக்குப் போதும். வேலை நேரத்தில் போன் பார்க்க முடியாதவர்களுக்காக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பழைய அறிவிப்பை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எது கடைசி என்று யாருக்கும் தெரியாது.

கணினி நாட்காட்டியில் அழைப்பு அனுப்பியிருந்தால், பழையதை அழித்துவிட்டுப் புதியதை உருவாக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அதைவிட அதே அழைப்பைத் திறந்து தேதியை மாற்றுவது நல்லது. இணைத்த ஆவணங்களும் குறிப்புகளும் அப்படியே இருக்கும், எல்லோருடைய நாட்காட்டியிலும் பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு அது தானாக நகரும். உங்கள் விஷயத்தில் ஒரு கூட்டம் இரண்டாகப் பிரிவதால், பழைய அழைப்பை மதியம் 2:15க்கு மாற்றி அதிலிருந்து இரவு ஷிஃப்ட் ஆட்களை நீக்குங்கள், அவர்களுக்கு மட்டும் 9:30க்குப் புதிய அழைப்பு அனுப்புங்கள். நீக்கியவர்களுக்குக் "கூட்டம் ரத்து" என்று ஒரு தானியங்கிச் செய்தி போகலாம். அதனால்தான் விளக்கச் செய்தி முதலில் போய்ச் சேர வேண்டும், நாட்காட்டி வேலை அதன் பிறகுதான். மாற்றத்தைச் சேமிக்கும்போது அழைக்கப்பட்டவர்களுக்குத் தெரிவிக்கலாமா என்று செயலி கேட்டால், ஆம் என்று கொடுங்கள். 12ஆம் தேதிக்கு வருகிறேன் என்று பதில் போட்டவர் 24க்கும் வருவார் என்று கணக்குப் போட வேண்டாம், அது வேறு நாளுக்கான பதில்.

அனுப்பிய பிறகு வரும் கேள்விகளைக் கவனித்தால் செய்தி வேலை செய்ததா என்று தெரிந்துவிடும். "அந்த நாள் நான் விடுப்பு, என்ன செய்ய?" "2:15க்கு வந்தால் வண்டி தவறிவிடுமே?" போன்ற கேள்விகள் வந்தால் நல்லது. புதிய தேதியை நம்பித் தங்கள் நாளைத் திட்டமிடத் தொடங்கிவிட்டார்கள். "நிஜமாகவே என்னதான் நடக்கிறது?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டால், காரணம் சொன்ன வாக்கியம் அவர்களுக்குப் போதவில்லை என்று அர்த்தம். அப்போது தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். ஒருவருக்கு "அலவன்ஸ்" என்றும் இன்னொருவருக்கு "மேலே யோசிக்கிறார்கள்" என்றும் சொன்னால், சாப்பாட்டு நேரத்தில் இரண்டையும் சேர்த்து மூன்றாவது கதை ஒன்று உருவாகும். கூடுதலாகச் சொல்ல அனுமதி இருந்தால் எல்லோருக்கும் எழுதுங்கள். இல்லாவிட்டால் எல்லோருக்கும் அதே வாக்கியம்தான். "எனக்கே தொகை தெரியாது, முடிவானதும் 24ஆம் தேதி சொல்கிறேன்" என்று நேரில் சொல்வதில் தவறில்லை, அது உண்மையாக இருக்கும்வரை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகக் கூட்ட அறை வாசலில் நீங்களோ ஒரு மேற்பார்வையாளரோ நில்லுங்கள். எவ்வளவு தெளிவாக எழுதினாலும் ஒருவர் இருவர் வந்துவிடுவார்கள், பெரும்பாலும் விடுப்பில் இருந்து அன்றுதான் திரும்பியவர்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போவதற்கும், "தள்ளிப்போயிருக்கிறது, 24ஆம் தேதி 2:15க்கு வாருங்கள்" என்று ஒருவர் சொல்லிக் கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

அப்புறம் அந்த 20ஆம் தேதி. செய்தியிலேயே மிக எளிதாக மீறப்படும் வாக்குறுதி அதுதான், ஏனென்றால் அன்று சொல்ல ஒன்றும் இல்லாமல் போகலாம். முடிவு வந்திருந்தால், "எல்லாம் தயார், செவ்வாய்க்கிழமை சந்திப்போம்" என்று எழுதுங்கள். வராவிட்டாலும் 5 மணிக்கு முன் எழுதியே ஆக வேண்டும். அப்போது கூட்டத்தை மறுபடியும் தள்ளிவைக்கும்படி சொல்வார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் தள்ளமாட்டேன், கூட்டத்தைச் சுருக்குவேன். புதிய அட்டவணை எப்படி இருக்கும், யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற விவரங்கள் முடிவாகியிருக்கும் அல்லவா? அதை மட்டும் 24ஆம் தேதி சொல்லலாம். நிர்வாகத்திடம் அதற்கு இப்போதே சம்மதம் வாங்கி வைத்துக்கொண்டால், 20ஆம் தேதி மாலை நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

> கொடுப்பனவு விவரம் இன்று மாலை வரை இறுதியாகவில்லை. 24ஆம் தேதிக் கூட்டம் சொன்ன நேரத்தில் நடக்கும். அதில் புதிய அட்டவணையை விளக்குகிறேன், கேள்விகளைக் குறித்துக்கொள்கிறேன். கொடுப்பனவு முடிவானதும் எழுத்தில் தருகிறேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் கழிந்த பின்னரே புதிய முறை தொடங்கும்.